மூடிய டிக்கெட்டுகளை எண்ணாதீர்கள், படியுங்கள்

பொறியியல் பிரிவின் தலைவர் அவர்களுக்கும் மனிதவளப் பிரிவின் தலைவர் அவர்களுக்கும்,

இந்த ஆண்டு மதிப்பீட்டில் நூற்றுக்கு நாற்பது மதிப்பெண், ஒருவர் மூடிய டிக்கெட்டுகளின் எண்ணிக்கையை வைத்தே தரப்படும் என்று பிப்ரவரி இறுதியில் வந்த சுற்றறிக்கை சொல்கிறது. ஜிராவில் ஒவ்வொருவர் பெயரிலும் நிதியாண்டுக்குள் முடிந்த டிக்கெட்டுகளை மனிதவளப் பிரிவே எடுத்து, அணிக்குள் வரிசைப்படுத்தி, அந்த வரிசையை மதிப்பெண்ணாக மாற்றி அனுப்புமாம். அணித்தலைவர்கள் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். எங்கள் பில்லிங் அணிக்கான வரைவுப் பட்டியல் வந்துவிட்டது. அதில் நான் கையெழுத்திடப் போவதில்லை. காரணங்களை உங்கள் இருவருக்கும் மின்னஞ்சலில் எழுதினேன். "எல்லா அணிக்கும் ஒரே விதி" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. விதி எல்லாருக்கும் என்றால், மறுப்பையும் எல்லாரும் படிக்கும்படி எழுதிவிடுவதுதான் முறை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் பதிவுகளை மதிப்பீட்டில் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பயன்படுத்துங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருவன். மார்ச் மாதம் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப உட்காரும் மேலாளருக்கு ஜனவரிக்குப் பிறகு நடந்தவைதான் கண்முன் நிற்கும். முந்தைய மே மாதம் ஒரு வங்கி தன் பணம்செலுத்தல் கோப்பின் வடிவத்தை முன்னறிவிப்பின்றி மாற்றியதும், இரண்டே நாளில் எங்கள் அணியின் இளைய பொறியாளர் ஒருவர் அதைச் சமாளித்ததும் யாருக்கும் நினைவிருப்பதில்லை. சென்ற ஆண்டு எங்களுக்கு அக்டோபரில் மேலாளர் மாறினார். புதியவருக்கு அந்த மே மாதம் என்ற ஒன்றே கிடையாது. அந்த டிக்கெட்டைத் திறந்து, எத்தனை மணிக்கு என்ன எழுதினார், எந்த மாதிரிக் கோப்பை இணைத்தார், வங்கிக்காரர் என்ன பதில் தந்தார் என்று வரிவரியாகக் காட்டிய பிறகுதான் அந்த இளைஞருக்கு உரியது கிடைத்தது.

கூட்டங்களில் பேசாதவர்களுக்கும் இந்தப் பதிவுகளே துணை. நம் அலுவலகத்தில் இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. சிறு ஊர்க் கல்லூரிகளிலிருந்து வந்த நல்ல பொறியாளர்கள் பலர், ஆங்கிலத்தில் நடக்கும் வாராந்தரக் கூட்டத்தில் வாயைத் திறக்கத் தயங்குகிறார்கள். அழகாகப் பேசுகிறவர் செய்த அரை வேலை எல்லாருக்கும் தெரிகிறது. பேசாதவர் செய்த முழு வேலை தெரிவதில்லை. டிக்கெட்டில் இருக்கும் எழுத்து அந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு சரிக்கட்டுகிறது. ஆகவே பதிவு நல்ல சாட்சிதான். ஆனால் சாட்சியின் வாக்குமூலத்தைக் கேட்காமல், எத்தனை சாட்சிகள் வந்தார்கள் என்று தலையை எண்ணித் தீர்ப்பு எழுதினால் எப்படி இருக்குமோ, அதைத்தான் இந்தச் சுற்றறிக்கை செய்யச் சொல்கிறது.

எங்கள் வரைவுப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் 231 டிக்கெட்டுகளை மூடியிருக்கிறார். கடைசி இடத்தில் இருப்பவர் மூடியது 37. முதலிடத்தவர் வாடிக்கையாளர் ஆதரவுப் பணியைப் பார்க்கும் இளைஞர். கடைசி இடத்தில் இருப்பவர் அணியின் மூத்த பெண் பொறியாளர். ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களும் எப்படி உருவாயின என்று காட்டுகிறேன். பதிவுகளைத் திறந்து பார்த்தால் நீங்களே சரிபார்க்கலாம்.

சென்ற ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு மாதக் கடைசியிலும் சில வாடிக்கையாளர்களுக்கு ஒரே பில் இரண்டு முறை போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு புகார், ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட். ஆதரவுப் பணி இளைஞர் இரண்டாவது பில்லுக்கு எதிராக ஒரு கிரெடிட் நோட் போடுவார். ஜிஎஸ்டி கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்ட பில்லைச் சும்மா அழித்துவிட முடியாது என்பதால் அது கட்டாயம். பிறகு வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பி டிக்கெட்டை மூடுவார். பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இப்படி மூடியவை 64. அவர் அந்த வேலையைப் பொறுப்பாகவும் பொறுமையாகவும் செய்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஏன் இரண்டு முறை போகிறது என்று தேடும் டிக்கெட் மூத்த பொறியாளரிடம் இருந்தது. சோதனைச் சூழலில் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே பில்தான் வந்தது. மாத நடுவில் நேரடிச் சூழலிலும் ஒன்றுதான். மாதக் கடைசியில் மட்டும், அதுவும் பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் இரண்டு. இது எவ்வளவு எரிச்சலான வகைப் பிழை என்பது நிரல் எழுதியவர்களுக்குத் தெரியும். நீங்கள் தேடும்போது அது இருக்காது.

முடிச்சை அவிழ்க்கும் நுனி, எங்கள் சோதனைப் பொறியாளர் அந்த டிக்கெட்டில் இட்ட ஒரு கருத்தில் கிடைத்தது. இரட்டைப் பில்கள் எல்லாவற்றின் நேரமுத்திரைகளையும் அவர் ஒரு அட்டவணையில் போட்டுப் பார்த்திருந்தார். முதல் பில்லின் வேலை தொடங்கிய நேரத்துக்கும் இரண்டாவதன் வேலை தொடங்கிய நேரத்துக்கும் நடுவே எப்போதும் 30 வினாடிக்குச் சற்று மேல். ஒருமுறைகூட 30க்குக் கீழே இல்லை. யாரும் கேட்காமல் அவராக எழுதிய நான்கு வரிகள் அவை.

அந்த 30 வினாடி எங்கிருந்து வந்தது? பில் தயாரிக்கும் வேலைகளை நாங்கள் அமேசானின் எஸ்.க்யூ.எஸ் வரிசை ஒன்றில் போடுகிறோம். ஒரு சேவகன் நிரல் அங்கிருந்து ஒரு செய்தியை எடுத்தால், அந்தச் செய்தி குறிப்பிட்ட நேரத்துக்கு மற்ற சேவகர்களின் கண்ணில் படாது. அந்த நேரத்துக்குள் வேலையை முடித்துச் செய்தியை அழித்துவிட வேண்டும். அழிக்கவில்லை என்றால், எடுத்தவர் செத்துவிட்டார் என்று வரிசை முடிவுகட்டி மற்றவர்களுக்கு மீண்டும் காட்டும். அமைப்பில் எதையும் மாற்றாவிட்டால் அந்த நேரம் 30 வினாடி. எங்கள் சேவகர்கள் சாதாரண நாட்களில் சில வினாடிகளில் முடித்துவிடுவார்கள். மாதக் கடைசியில் தரவுத்தளம் திணறும்போது பெரிய வாடிக்கையாளரின் பில்லுக்கு 40 வினாடி ஆகும். முதல் சேவகன் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது சேவகன் அதே செய்தியை எடுத்து அதே பில்லைத் தயாரிப்பான். இருவரும் முறையாக வேலை செய்கிறார்கள். வாடிக்கையாளருக்கு இரண்டு பில்.

மூத்த பொறியாளர் இரண்டு காரியம் செய்தார். மறைவு நேரத்தை ஐந்து நிமிடமாக உயர்த்தினார். அது மட்டும் போதாது, இன்னொரு நாள் ஆறு நிமிடம் ஆகலாம் என்பதால், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பில் மாதத்தில் ஒரே மாதாந்தர பில்தான் இருக்க முடியும் என்று தரவுத்தளத்திலேயே தனித்துவக் கட்டுப்பாடு ஒன்றை வைத்தார். இரண்டாவது சேவகன் இனி முயன்றாலும் தரவுத்தளம் மறுத்துவிடும். அக்டோபர் தொடக்கத்தில் திருத்தம் வெளியானது. அதற்குப் பிறகு இரட்டைப் பில் புகார் ஒன்றுகூட வரவில்லை.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்தவருக்கு 64. கூரையை அடைத்தவருக்கு? ஒன்று என்று நினைப்பீர்கள். அதுவும் இல்லை, பூஜ்யம். திருத்தத்தை எழுதி முடித்த வாரத்தில் அவரை வேறொரு தொகுதிக்கு மாற்றினீர்கள். டிக்கெட் வெளியீட்டுப் பொறுப்பாளரின் பெயருக்கு மாற்றப்பட்டு, அவர் மூடினார். பட்டியலில் அது அவர் கணக்கில் இருக்கிறது. நேரமுத்திரைகளை அடுக்கிப் பார்த்த சோதனைப் பொறியாளரின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர் எழுதியது வெறும் கருத்துதானே.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. கூரை அடைபட்டதும் வாளி வைப்பவரின் எண்ணிக்கையும் மாதத்துக்குப் பத்துப் பதினொன்று குறைந்துவிட்டது. இந்த விதி முன்கூட்டியே இருந்திருந்தால், பிழை சரியாகாமல் இருப்பதே அந்த இளைஞருக்கு லாபம் என்று ஆகியிருக்கும். அவர் அப்படி நினைப்பவர் அல்ல. ஆனால் அவரை அந்த இடத்தில் நிறுத்துவது நியாயமா?

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டியல் தவறாக வந்ததன் பெரும்பகுதிக் காரணம் அதுதான். ஜிராவில் `Assignee` என்ற இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். மூடும்போது யார் பெயர் இருந்ததோ அவர் பெயர் அப்படியே நின்றுவிடும். உங்கள் பட்டியலை எடுத்த தேடல் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும்:

```
assignee = "user" AND resolved >= "2024/04/01"
```

இது "கடைசியில் யார் கையில் இருந்தது" என்ற கேள்விக்கு மட்டுமே பதில். இடையில் யார் கையில் இருந்தது என்பதும் ஜிராவின் வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது. அதைக் கேட்க வேறு விதமாகக் கேட்க வேண்டும்:

```
assignee WAS "user" DURING ("2024/04/01", "2025/03/31")
```

மூத்த பொறியாளருக்கு இரண்டாவது தேடலை ஓட்டினேன். 37 என்றிருந்த எண் 83 ஆகிவிட்டது. ஆகவே 83 என்று போடுங்கள் என்று கேட்கப் போவதில்லை. அந்த 83இல் தவறாக அவருக்கு ஒதுக்கப்பட்டு மறுநாளே கைமாறியவையும் இருக்கின்றன. ஒரே ஆளின் ஒரே ஆண்டு வேலைக்கு, கேள்வியை மாற்றினால் எண் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. அப்படிப்பட்ட எண்ணின் மேல் ஒருவரது ஊதிய உயர்வை நிறுத்தலாமா என்பதுதான் என் கேள்வி.

"மூடியது" என்பதற்கும் ஒரே பொருள் இல்லை. முதலிடத்தில் இருக்கும் 231ஐப் பிரித்துப் பார்த்தேன். சரிசெய்து மூடியவை இருக்கின்றன. ஏற்கெனவே வேறு டிக்கெட் இருப்பதால் `Duplicate` என்று மூடியவை இருக்கின்றன. எங்களால் திரும்ப நிகழ்த்த முடியவில்லை என்று `Cannot Reproduce` போட்டவை இருக்கின்றன. வாடிக்கையாளர் ஏழு நாள் பதில் எழுதாததால் தானியங்கி விதியே மூடியவையும் இருக்கின்றன; மூடியது இயந்திரம், கணக்கில் ஏறுவது பெயருக்கு உரியவர். வரைவுப் பட்டியல் இவை அனைத்தையும் ஒன்று, ஒன்று என்றே எண்ணியிருக்கிறது.

மூடிய பின் திரும்பத் திறப்பவை இன்னும் விபரீதம். ஒருவர் அரைகுறையாகச் சரிசெய்து மூடிய டிக்கெட் மீண்டும் திறக்கப்பட்டு மறுபடி மூடப்பட்டால், ஜிராவில் கடைசியாக மூடிய தேதிதான் நிற்கும். மார்ச்சில் மூடியது ஏப்ரலில் திறந்து மே மாதம் மூடப்பட்டால், அது முந்தைய ஆண்டிலிருந்து நழுவி அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். சரி, அது தேதிக் குழப்பம். எங்கள் அணியில் வழக்கமே வேறு: வெளியீட்டுக்குப் பிறகு அதே பிழை திரும்பி வந்தால் பழைய டிக்கெட்டைத் திறக்காமல் புதிது ஒன்று போடுவோம். தணிக்கைக்கு அது வசதி. உங்கள் விதிப்படி, முதல் முறையே ஒழுங்காகச் சரிசெய்தவருக்கு ஒன்று; கோட்டைவிட்டு இரண்டாம் முறை சரிசெய்தவருக்கு இரண்டு.

சுற்றறிக்கை வந்த பிறகு என்ன நடக்கிறது என்பது உங்கள் அறைகளுக்கு எட்டியிருக்காது. காலையில் வரிசையைத் திறந்ததும் சிறிய டிக்கெட்டுகள் முதலில் காணாமல் போகின்றன: கடவுச்சொல் மீட்பு, அனுமதி சேர்ப்பு, முகவரித் திருத்தம். கடினமானவை மாலை வரை யார் பெயரும் இல்லாமல் அப்படியே கிடக்கின்றன. ஒரு வேலையாக இருந்த திரைமாற்றம் ஒன்று சென்ற வாரம் ஐந்து துணை வேலைகளாகப் பிளந்தது. "இதை உன் பெயரில் மாற்றிக்கொள், நீதானே செய்தாய்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இப்போது மூடும் நேரத்தில் பெயரை உற்றுப் பார்க்கிறார்கள். இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. குடும்பம் நடத்துகிறவர்கள், நீங்கள் வைத்த அளவுகோலை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்துப் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பண அளவு இலக்குகளைப் பற்றி இதைத்தான் சுட்டிக்காட்டினார்: புள்ளிவிவரத்தில் தெரியும் ஒரு ஒழுங்கைக் கட்டுப்படுத்தும் கருவியாக்கி அழுத்தினால் அந்த ஒழுங்கே குலைந்துவிடும். டிக்கெட் எண்ணிக்கைக்கும் உழைப்புக்கும் ஏதோ ஒரு தொடர்பு சென்ற ஆண்டுவரை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். இந்த மார்ச்சில் அதுவும் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரே மாதிரி வேலை செய்பவர்களை மட்டும் ஒப்பிட்டால் போதாதா என்று மனிதவளப் பிரிவில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் அணியில் ஒரே தொகுதியில், ஒரே அனுபவத்துடன், ஒரே வகை வேலை செய்யும் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் 58, மற்றவர் 49. வரைவுப் பட்டியலில் ஒருவர் மூன்றாம் இடம், மற்றவர் ஆறாம் இடம். அந்த மூன்று இடங்களுக்கு நடுவில் ஒரு மதிப்பீட்டுப் படியே மாறிவிடுகிறது.

ஆனால் இந்த ஒன்பது டிக்கெட் வேறுபாடு எதையாவது சொல்கிறதா? எந்த டிக்கெட் யாருடைய முறைநாளில் வருகிறது, எது எளிதாக முடிகிறது, எது இழுக்கிறது என்பதெல்லாம் பெருமளவு தற்செயல். இப்படித் தற்செயலாக வந்து சேரும் நிகழ்வுகளை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு மேலும் கீழும் ஆடுவது இயல்பு என்பது புள்ளியியலின் பழைய பாடம். 49க்கு அந்த ஆட்டம் ஏறத்தாழ 7. இரண்டு பேரின் எண்களைக் கழித்துப் பார்க்கும்போது, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 107இன் வர்க்கமூலம், பத்துக்குச் சற்று மேல். அதாவது இருவரும் துல்லியமாக ஒரே திறமை, ஒரே உழைப்பு என்றாலும், ஆண்டு முடிவில் ஒன்பது டிக்கெட் வேறுபாடு வருவது சர்வசாதாரணம். அடுத்த ஆண்டு இடம் மாறினாலும் ஆச்சரியம் இல்லை. நிஜத்தில் டிக்கெட்டுகள் கொத்துக்கொத்தாக வருகின்றன, அதனால் ஆட்டம் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். 231க்கும் 37க்கும் உள்ள வேறுபாடு தற்செயல் அல்ல. அது வேலையின் வகை வேறு என்பதைக் காட்டுகிறது. 58க்கும் 49க்கும் உள்ள வேறுபாடு எதையுமே காட்டவில்லை. இரண்டு இடத்திலும் "யார் மேல்" என்ற உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

விடுப்பைப் பற்றி ஒரு பத்தி. பேறுகால விடுப்பு 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். எங்கள் அணியில் அதை எடுத்துத் திரும்பியவர் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருக்கிறார். அரை ஆண்டு வேலையை முழு ஆண்டு வேலையோடு பக்கத்தில் வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். எண்ணிக்கையை அவர் பணியில் இருந்த வாரங்களால் வகுத்தாவது பார்த்தார்களா என்று கேட்டேன், இல்லை. இதை நான் தனியாக விளக்கவும் வேண்டுமா?

உங்கள் தரப்பு அச்சத்தையும் நான் அறிவேன். எண் வேண்டாம் என்றால் மேலாளரின் விருப்பு வெறுப்பு திரும்ப வந்துவிடும், பிடித்தவருக்கு நல்ல மதிப்பெண், பிடிக்காதவருக்கு மோசம் என்ற பழைய புகார் கிளம்பும். அந்தப் புகாரில் உண்மை இருக்கிறது. நானே அதனால் பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து, டிக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எடுத்து வைத்துப் பேசவைப்பது. "உங்கள் வேலை சுமார்தான்" என்று ஒரு மேலாளர் சொல்லட்டும். எந்த டிக்கெட்டில் என்று காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் திரும்பப் பெறட்டும். எண் மட்டும் இருக்கும் இடத்தில் இந்த வாதத்துக்கே வழியில்லை. 37 என்றால் 37, அவ்வளவுதான்.

படித்தாலும் டிக்கெட்டில் கிடைக்காதவை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த நேரம் அதில் இல்லை. பிறர் நிரலைப் பார்த்து, வெளியாவதற்கு முன்பே பிழையைப் பிடித்தவருக்கு டிக்கெட்டே பிறப்பதில்லை. நடக்காத விபத்துக்கு யார் புகார் எழுதுவார்? விடுமுறை நாளில் தொலைபேசியை எடுத்துப் பேசியே தீர்த்துவைத்தவை பதிவாவதில்லை. ஒருவர் சக ஊழியர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் அங்கே தெரியாது. சிலர் நிறைய எழுதுவார்கள், சிலர் "முடிந்தது" என்று ஒற்றைச் சொல் போட்டு நகர்ந்துவிடுவார்கள். எழுத்தில் சுருக்கமானவர் வேலையிலும் சுருக்கமானவர் என்று ஆகாது. இந்த இடங்களில் பதிவைத் தாண்டி ஆளைக் கேட்க வேண்டும், அவரோடு வேலை செய்தவர்களைக் கேட்க வேண்டும்.

எங்கள் அணியில் இந்த முறையைச் சிறிய அளவில் செய்துபார்த்தோம். ஒவ்வொருவரும் ஆண்டின் வேலையைக் காட்டும் டிக்கெட்டுகள் ஐந்தைத் தாமே தேர்ந்தெடுத்துத் தந்தார்கள். அவர் பெயர் வரலாற்றில் இருக்கும் மற்ற டிக்கெட்டுகளிலிருந்து மூன்றை நான் குலுக்கல் முறையில் எடுத்தேன். தாமே தருபவை மட்டும் என்றால் எல்லாரும் சிறந்ததைத்தான் தருவார்கள். குலுக்கலில் வருபவை அன்றாட வேலையின் முகத்தைக் காட்டும். எட்டையும் நானும், அவரோடு நேரடியாக வேலை செய்யாத வேறொரு அணித்தலைவரும் தனித்தனியே படித்தோம். என்ன கேட்டார்கள், என்ன செய்தார், ஏன் அப்படிச் செய்தார், திரும்ப வந்ததா, வேறு யார் கை அதில் இருந்தது: இவ்வளவுதான் பார்த்தது. ஒரு டிக்கெட்டுக்குப் பத்து நிமிடம் என்றால் ஒருவருக்கு எண்பது நிமிடம். எட்டுப் பேர் அணிக்குப் பதினோரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரு மனிதரின் ஓர் ஆண்டுக்கு எண்பது நிமிடம் அதிகம் என்று சொல்ல மாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

அப்படிப் படித்தபோதுதான் சோதனைப் பொறியாளரின் அந்த நான்கு வரிகள் இரண்டு பேர் கண்ணிலும் பட்டன. முதலிடத்து இளைஞரின் பெயருக்கும் அது நல்லதே செய்தது. அவர் குலுக்கலில் வந்த ஒரு டிக்கெட்டில், கோபத்தில் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்வதாக எழுதிய வாடிக்கையாளரை மூன்று பதில்களில் சமாதானப்படுத்தியிருந்தார். 231இல் ஒன்றாக அது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. இந்த ஆண்டு மதிப்பீட்டில் டிக்கெட் எண்ணிக்கைக்குத் தரப்பட்ட நாற்பது மதிப்பெண்ணையும், அணிக்குள் வரிசைப்படுத்துவதையும் திரும்பப் பெறுங்கள். வரைவுப் பட்டியல்கள் எந்த மேலாளர் கைக்கும் போகாமல் நிறுத்துங்கள். ஒருமுறை கண்ணில் பட்ட எண் மனத்திலிருந்து போகாது. பதிவுகளைச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஊழியர் தந்த ஐந்தும் குலுக்கலில் வந்த மூன்றும் இருவரால் படிக்கப்பட்ட பிறகே மதிப்பெண் எழுதப்பட வேண்டும் என்று விதியை மாற்றுங்கள். பெயரைத் தேடும்போது கடைசிப் பெயரை மட்டும் பார்க்காமல் முழு வரலாற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கருத்திட்டவர்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேறுகால விடுப்பிலும் நீண்ட மருத்துவ விடுப்பிலும் இருந்தவர்களை, அவர்கள் பணியில் இருந்த காலத்தின் வேலையை மட்டும் வைத்தே மதிப்பிட வேண்டும் என்று எழுத்தில் தாருங்கள். இது பேச்சுவார்த்தைக்கு உரிய கோரிக்கை அல்ல.

ஒவ்வொரு ஊழியருக்கும், தன்னைப் பற்றிய முடிவுக்கு எந்தெந்தப் பதிவுகள் ஆதாரமாக எடுக்கப்பட்டன என்பதைக் கையெழுத்துக்கு முன்பே காட்டுங்கள். "அந்த டிக்கெட்டை நான் மூடவில்லை" என்றோ "அதை நான்தான் செய்தேன்" என்றோ சொல்ல அவருக்குப் பத்து வேலை நாள் அவகாசம் கொடுங்கள். அவர் சொன்னது ஏற்கப்பட்டதா, இல்லையா, ஏன் என்பதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.

மதிப்பீட்டுப் படிவங்கள் ஏப்ரல் 15இல் பூட்டப்படுகின்றன. மார்ச் 31க்குள் உங்கள் முடிவை எல்லா அணித்தலைவர்களுக்கும் தெரிவியுங்கள். அதுவரை என் அணிக்கான பட்டியல் என் மேசையில் கையெழுத்தில்லாமலே இருக்கும். எட்டுப் பேரின் பதிவுகளையும் படித்து நாங்கள் எழுதிய குறிப்புகள் தயாராக இருக்கின்றன. கேட்டால் அன்றே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பில்லிங் அணியின் தலைவர்